நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்

என் மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தைத்து மூடிவிட்டார்கள். பதிலுக்கு, தொப்புளுக்கு இடது பக்கம் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, பெருங்குடலின் நுனியை வெளியே இழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். எனக்கு வயது எழுபத்தொன்று. இனி உள்ள நாளெல்லாம் மலம் அந்த வழியாகத்தான் வரும், வயிற்றில் ஒட்டிய பையில்தான் விழும். கதிர்வீச்சும் மாத்திரையும் முடிந்து அறுவைக்குத் தேதி கொடுத்தபோதே பெங்களூர் டாக்டர் இதையெல்லாம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் கூடும், என் காதில் விழாமல் போயிருக்கும்.

ஓசூர் வீட்டுக்குத் திரும்பிய ஆறாம் நாள், காலை ஐந்து நாற்பதுக்கு, எனக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும்போல் இருந்தது. வயிற்றுப் பக்கம் இல்லை. பின்னால், பழைய இடத்தில். கனமாக, கீழ்நோக்கி அழுத்திக்கொண்டு, இன்னும் ஒரு நிமிடம் தாமதித்தால் வேட்டியிலேயே ஆகிவிடும் என்பதுபோல. எழுந்து பாதி வழி போன பிறகுதான் எனக்குப் பின்னால் இப்போது கதவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினான்கு அடி. ஏழாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிடம் அந்த அழுத்தம் இருந்தது. பிறகு போய்விட்டது.

ஐந்து நாற்பது என்பது எனக்குப் பழக்கமான நேரம். சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துமூன்று வருடம் தரச்சோதனைப் பிரிவில் இருந்தேன். ஏ ஷிப்ட் பஸ் ஆறு பத்துக்கு வரும். அதற்கு முன் வயிற்றைக் காலி செய்துவிட வேண்டும் என்று உடம்பே அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் மாறவில்லை. இப்போது அந்த உறுப்பு ஆஸ்பத்திரியில் எங்கோ எரிந்து சாம்பலாகிவிட்டது. ஆனாலும் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அதைவிட எனக்குக் கிலி கொடுத்தது வேறு. நோய் முதன்முதலில் இப்படித்தான் என்னிடம் வந்தது. போன வருடம், வர வேண்டும்போல் இருக்கும், உட்கார்ந்தால் ஒன்றும் வராது. ஒரு நாளுக்கு இரண்டு முறை, பிறகு ஐந்து, பிறகு ஒன்பது. மூலம் என்று நினைத்து நான்கு மாதம் களிம்பு தடவினேன். அதே அழுத்தம், அதே இடம். அப்படியானால் உள்ளே மிச்சம் இருக்கிறது, தைத்து மூடிய இடத்துக்குப் பின்னால் மறுபடி வளர்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் மனைவியிடம் சொல்லவில்லை. நோட்டில்கூட எழுதவில்லை.

நோட்டு என்றால், நான் எல்லாவற்றையும் எழுதுகிறவன். எத்தனை மணிக்குப் பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியது, எத்தனை மணிக்குக் காலி செய்தேன், எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை இட்லி. வயிற்றில் ஒட்டுவது இரண்டு பாகம். முதலில் நடுவில் ஓட்டையுள்ள ஒட்டுப் பிளேட், அதைத் தோலில் ஒட்ட வேண்டும். அதன் மேல் பையை டப்பா மூடிபோல அமுக்கிப் பொருத்த வேண்டும். பையின் அடியில் ஒரு வாய் உண்டு. அதைத் திறந்து கழிப்பறையில் காலி செய்து, துடைத்து, மடித்து, கிளிப் போட வேண்டும். பிளேட்டை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மெதுவாக மேலிருந்து கீழே உரித்து, வெதுவெதுப்பான வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதியதை ஒட்டி, உள்ளங்கையை அதன் மேல் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். கைச்சூட்டில் பசை பிடித்துக்கொள்ளும்.

பிளேட்டில் ஓட்டையை நாம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். வார்டில் இருந்த ஸ்டோமா நர்ஸ் வட்டம் வட்டமாகத் துளை போட்ட அட்டையை வைத்துப் பார்த்து நாற்பது மில்லிமீட்டர் என்றார். இரண்டு கூட்டி, நாற்பத்திரண்டுக்கு வெட்டிக் காட்டினார். நான் நோட்டில் ‘42’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அவர் அதற்குப் பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு ட்யூப் செருகிய இடத்தில் வலி.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, பழைய எக்ஸ்ரே பிலிமில் நாற்பத்திரண்டுக்கு ஒரு டெம்ப்ளேட் வெட்டியதுதான். வெர்னியர் அளவுகோலை வைத்து நான்கு இடத்தில் அளந்து பார்த்தேன். மேசை மேல் செய்தித்தாளை விரித்து, வாங்கி வந்த ஐம்பது பிளேட்டுகளையும் ஒரே உட்காரலில் வெட்டி, ஓரத்தை விரலால் தடவிப் பிசிறு இல்லை என்று பார்த்து, ஐந்தைந்தாகக் கட்டி அலமாரியில் வைத்தேன். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது.

“ஏங்க, எதுக்குங்க எல்லாத்தையும் இப்பவே வெட்டிப் போடறீங்க?” என்றாள் மனைவி. “மாத்தும்போது ஒண்ணு ஒண்ணா வெட்டிக்கலாமில்ல?”

“ஒண்ணு ஒண்ணா வெட்டினா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது.”

“ஆமா, பாக்டரிக்கு அனுப்பப் போறீங்க பாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது நான் அவளுக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சிவப்பாக, ஈரமாக, தானாகச் சுருங்கி விரியும். தொட்டால் வலிக்காது. என் உடம்பில் இருக்கிறது, ஆனால் என் தொடுதல் அதற்குத் தெரியாது. ஓட்டை முன்கூட்டியே வெட்டியிருந்தால், கண்ணைச் சுவர்க் கடிகாரத்தின் மேல் வைத்துக்கொண்டே பிளேட்டை ஒட்டிவிடலாம். அப்படித்தான் ஒட்டினேன். பதினோரு வாரம்.

பதினோரு வாரத்தில் மற்றதெல்லாம் மெல்லமெல்லச் சரியாகிக்கொண்டு வந்ததுபோலத்தான் வெளியே இருந்தது. முதலில் இரண்டு வாரம் குழைந்த சோறு, மோர், வேகவைத்த கேரட். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு புதுப் பண்டம். அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, நோட்டில் சரி அல்லது தவறு போட்டு, அடுத்தது. ராகிக் களி சரி, நன்றாக மென்றால். முட்டை நாற்றம். முள்ளங்கி தவறு. மாம்பழம் இரண்டு துண்டு சரி, நான்கு துண்டு தண்ணீராகப் போகும். உட்காரும் இடத்தில் தைத்த புண் ஆற ஒன்பது வாரம் ஆனது. அதுவரை பஞ்சுத் திண்டு. குடத்தைத் தூக்கக் கூடாது, எரிவாயு சிலிண்டரைத் தொடவே கூடாது, வயிற்றுத் தசை பிரிந்து ஸ்டோமாவோடு குடல் பிதுங்கும் என்று சொல்லியிருந்தார்கள். நடக்கலாம். முதல் வாரம் வீட்டுக்குள் இருநூறு அடி, பிறகு தெருமுனை வரை, பிறகு ராயக்கோட்டை சாலை வரை.

அங்கே வரை என்னோடு நடப்பவர் எங்கள் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். தளிப் பக்கம் ஊர், வீட்டில் கன்னடம். என்னைவிட நான்கு வயது இளையவர். இருபது வருடத்துக்கு மேல் அவர் கடைந்ததை நான் அளந்தேன், நிறையத் தள்ளியும் இருக்கிறேன். இன்றைக்கும் என்னை ‘இன்ஸ்பெக்டர் சாரே’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் தோட்டத்து முட்டைக்கோஸ் மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஆசைப்பட்டு ஒரு கரண்டி தின்றுவிட்டேன். மாலை நடக்கும்போது பை பலூன்போல் உப்பி, சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. கூடவே சத்தமும். அதை அடக்க எனக்கு இப்போது தசை கிடையாது. பக்கத்தில் போன பெண் திரும்பிப் பார்த்தார்.

லேத்காரர் உடனே, “மன்னிச்சிக்கங்கம்மா, எனக்கு நேத்திருந்து வயிறு செரியில்ல” என்றார்.

அந்தப் பெண் போன பிறகு, “எதுக்குப்பா பொய்?” என்றேன்.

“சாரே, எத்தன பீஸ நீங்க ரிஜெக்ட் பண்ணி அது என் மேல விழுந்திருக்குது. இது ஒண்ணு கூட விழட்டும்.”

சிரித்தேன். அன்றைக்கு நன்றாக இருந்தது. மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு அந்த அழுத்தம் மறுபடி வந்தது. வராத நாளே இல்லை. சில நாள் மதியமும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் அந்தக் கனம் வந்து அமரும். எதிரில் மனைவி ஊறுகாய் வேண்டுமா என்று கேட்பாள். நான் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே மனதுக்குள் நொடிகளை எண்ணுவேன். என் நாற்காலியில் எனக்கு முன்பே வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

இன்னொரு கணக்கும் சரிந்துகொண்டு வந்தது. முதல் பிளேட்டுகள் நான்கு நாள் தாங்கின. ஏழாவது பிளேட்டிலிருந்து மூன்று நாள். பதினான்காவதிலிருந்து இரண்டு. இருபதுக்குப் பிறகு ஒரு நாள். விளிம்பில் கசிந்து, பனியனில் மஞ்சள் கறை. அடியில் தோல் எரிந்தது, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல. நான் அதையும் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. தரச்சோதனையில் ஒரு எண் இப்படி ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் இயந்திரத்துக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். உள்ளே வளர்கிறது, அது குடலைத் தள்ளுகிறது, அதனால்தான் கசிகிறது. பின்னால் அழுத்தம், முன்னால் கசிவு. இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரே பதிலைத்தான் சொல்லின.

மூன்றாம் மாதம் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதிக்கு முந்தைய நாள் சளி என்றேன். அடுத்த தேதிக்கு பஸ்ஸில் கூட்டம் என்றேன். தெரியாமல் இருக்கும் வரை அது இல்லை என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு வந்து இவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே.

துவைக்கப் போட்ட பனியனில் மஞ்சளோடு ரத்தமும் இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். நேராக லேத்காரர் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றார்.

“கெளம்புங்க சாரே. அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.”

“நாளைக்குப் போலாம்ப்பா.”

“நாளைக்கு நாளைக்குன்னு எத்தன நாளு? நான் வேலை ஒப்படைக்க ஒரு மணி நேரம் லேட்டானா என்ன பேச்சு பேசுவீங்க!”

மனைவி பின்னாலிருந்து ஒரு பையை நீட்டினாள். அதில் நான்கு பிளேட், நான்கு பை, துடைக்கும் துணி, குப்பைக்குப் பிளாஸ்டிக் கவர், மாற்று வேட்டி, நோட்டு. எல்லாம் அவளே எடுத்து வைத்திருந்தாள். நோட்டை மட்டும் வெளியே எடுக்கப் பார்த்தேன். “அது இருக்கட்டும்” என்றாள்.

அறுவைக்குப் பிறகு நான் ஏறிய முதல் பஸ் அது. முன் கம்பி வயிற்றில் இடிக்காத ஓர இருக்கையாகப் பார்த்து லேத்காரர் பிடித்தார். காலையில் இரண்டு இட்லிதான் தின்றிருந்தேன். பட்டினி கிடந்தால் காற்று அதிகமாகும் என்பதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். ஜூஜூவாடி எல்லைச் சாவடியில் லாரிகள் நின்றன. எண்ணினேன், நாற்பத்தாறு வரை. அத்திப்பள்ளியில் கன்னடப் பலகைகள் தொடங்கின. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டேன். வழியில் எங்கோ ஓரிடத்தில் அது வந்தது. பின்னால், அந்தக் கனம். பஸ்ஸுக்குள்ளும் வந்துவிட்டது. இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். லேத்காரர் என் கையைப் பார்த்தார்.

ஸ்டோமா நர்ஸ் கன்னடக்காரர். நாற்பது வயதிருக்கும். “பன்னி, பன்னி” என்று கன்னடத்தில் வரவேற்றார். “உக்காருங்க சார். ஏன் இத்தன நாளு வரல்ல?” என்றார். படுக்க வைத்து, பிளேட்டை உரித்தார். உரித்ததும் அவர் முகம் மாறியது.

“அய்யோ, ஏன் சார் இது? தோலெல்லாம் வெந்து போயிருக்கு. எத்தன அளவுக்கு வெட்டறீங்க?”

“நாப்பத்திரெண்டு.”

“இப்ப அளந்தீங்களா?”

“நீங்கதானே அளந்தீங்க.”

“நான் அளந்தது ஆபரேஷன் ஆன அஞ்சாம் நாளு! அப்ப வீங்கி இருக்கும். ஆறு எட்டு வாரத்துல சின்னதாயிடும். வாரா வாரம் அளக்கச் சொன்னேனே?” துளை அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார். “பாருங்க, நீங்களே பாருங்க. இருபத்தொம்பது.”

அவர் பிடித்த கண்ணாடியில் பார்த்தேன். பதினோரு வாரத்துக்குப் பிறகு. ஒரு பெரிய பொத்தான் அளவுக்குச் சுருங்கி, சிவப்பாக, சும்மா இருந்தது. அதைச் சுற்றி, ஒரு சிவந்த வளையம், தோல் உரிந்து, ரத்தம் கசிந்து. கச்சிதமான வளையம். வெளிவிட்டம் நாற்பத்திரண்டு. நான் வெட்டியது. ஓட்டைக்கும் ஸ்டோமாவுக்கும் இடையே மூடாமல் விட்ட தோலில் மலம் பட்டுப் பட்டு வெந்திருக்கிறது. பசை ஊறிப் பிளேட் விட்டிருக்கிறது.

லேத்காரர் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

“சாரே” என்றார். “முதல் பீஸ மட்டும் செக் பண்ணிட்டு அம்பதையும் வெட்டிட்டீங்களா? நடுவுல ஒண்ணு கூட எடுத்துப் பாக்கலயா? நான் இத பண்ணியிருந்தா என் பேர நோட்டீஸ் போர்டுல போட்டிருப்பீங்களே!”

நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருக்க வேண்டும். கசிவுக்குக் காரணம் நோய் இல்லை, என் கத்தரி. பாதி பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் மீதிப் பாதி எனக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் புண்ணில் பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, முப்பத்தொன்றுக்குப் புதிதாக ஒன்று வெட்டி ஒட்டினார். என் நோட்டை வாங்கிப் புரட்டினார். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று அவர் விரல் இறங்கியது. “இவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க, இத பாத்தாலே தெரியுமே சார். போன் பண்ணியிருக்கலாமே. வேற ஏதாவது தொந்தரவு?”

லேத்காரரை டீ குடிக்க அனுப்பினேன். அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேயும் வரை காத்திருந்தேன்.

“சிஸ்டர், தச்ச எடத்துல வர்ற மாதிரி இருக்குது.”

“ரத்தமா?”

“இல்ல. மோஷன். இல்லாத எடத்துல. தினமும் காலைல அஞ்சு நாப்பதுக்கு. நோய் வந்தப்போ இருந்த அதே மாதிரி.”

அவர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். “எப்பருந்து?”

“வீட்டுக்குப் போன ஆறாம் நாள்லருந்து. எழுவத்திரெண்டு நாள்.”

“யார்கிட்டயும் சொல்லல?”

சொல்லவில்லை.

“சார், இந்த ஆபரேஷன் ஆனவங்கள்ல நெறைய பேரு இத சொல்றாங்க. கால் எடுத்தவங்களுக்கு இல்லாத கால் அரிக்கும்ல, அது மாதிரி. நரம்புக்கு இன்னும் தெரியல. ஆனா நான் சொல்லிட்டேன்னு விட்டுடக் கூடாது. ஸ்கேன் எடுங்க, டாக்டர் பாத்து சொல்லட்டும். வலி வந்தாலும், அங்க ரத்தமோ சீழோ வந்தாலும், உடனே வரணும்.”

“இது எப்ப போவும்?”

“சிலபேருக்கு மாசக்கணக்குல கொறையும். சிலபேருக்கு வருஷக்கணக்குல வந்து வந்து போவும்.” கொஞ்சம் தயங்கினார். “அது வரும்போது, பழையபடி போய் டாய்லெட்ல உக்காந்து பாருங்க. முக்கக் கூடாது. சும்மா உக்காருங்க. சிலபேருக்கு அதுல அடங்குது.”

அன்றே ஸ்கேன் எடுத்து, ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தோம். ஐந்து நாள் கழித்து முடிவு. அந்த ஐந்து நாளில் நான் எண்ணாதது எதுவும் இல்லை. திரும்பப் போனபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, தைத்த இடத்தைப் பேனாவால் காட்டி, இப்போதைக்கு எதுவும் இல்லை என்றார். இப்போதைக்கு என்ற சொல்லை எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணினேன். மூன்று. அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்து.

மீதமிருந்த பிளேட்டுகளைத் தூக்கிப் போட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் அளக்கிறேன். பார்த்துத்தான் அளக்க முடிகிறது. இருபத்தொன்பது, பிறகு இருபத்தெட்டு, அதோடு நின்றுவிட்டது. பிளேட் நான்கு நாள் தாங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி தளிக்குப் போய், லேத்காரர் தோட்டத்தில் களி தின்றுவிட்டு வந்தேன். முட்டைக்கோஸ் பாத்தியைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி.

அது மட்டும் போகவில்லை. முடிவு வந்த மறுநாளும் ஐந்து நாற்பதுக்கு வந்தது, எந்த முடிவும் அதற்குத் தெரியாததுபோல. அன்றைக்குத்தான் முதல் முறையாக நர்ஸ் சொன்னபடி போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தி, வேட்டியை விலக்கி, எழுபத்தொரு வயதில், மூடித் தைத்த உடம்போடு, ஒன்றும் வராது என்று தெரிந்தே உட்கார்ந்தேன். அது வந்து அழுத்தியது. நானும் அதுவும் ஒரே இடத்தில். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே வளையல் சத்தம் கேட்டது.

“ஏங்க, உள்ள இன்னா பண்றீங்க? பைய இப்பதான காலி பண்ணீங்க?”

அவள் நகரவில்லை.

“மறுபடியும் கசியுதா? கதவத் தொறங்க.”

“கசியல” என்றேன். பிறகு, கதவைப் பார்த்தபடியே சொன்னேன். “பழைய எடத்துல வர்ற மாதிரி இருக்குது. வராது. இருந்தாலும் வர்ற மாதிரி இருக்குது. ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்தே இருக்குது.”

வளையல் சத்தம் நின்றது. போய்விட்டாள் என்று நினைத்தேன்.

“டாக்டருக்குத் தெரியுமா?” என்றாள். குரல் கதவுக்கு மிக அருகில் இருந்தது.

“தெரியும். ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. நரம்பாம்.”

“எனக்குத்தான் தெரியாதா?”

உள்ளே அழுத்தம் இன்னும் இருந்தது.

“எத்தன நேரம் இருக்கும் அது?”

“ஆறு நிமிசம்.”

“இப்ப எத்தனையாவது?”

“மூணு.”

ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. துணி துவைக்கும்போது அவள் போட்டு உட்காரும் முக்காலி. கதவுக்கு அந்தப் பக்கம் அதன் மேல் உட்காரும் சத்தமும் கேட்டது.

“சரி, உக்காருங்க” என்றாள். “நான் இங்கதான் இருக்கறேன்.”